எட்டு எண்களுக்கான மேர்ஜ் சோர்ட் வரைபடம்: எந்த ஒழுங்கில் வரைவது?

தாரணி, வந்தாறுமூலை

அனைவருக்கும் வணக்கம். எட்டு எண்கள் கொண்ட ஓர் அணியைப் பிரித்து, மீண்டும் இணைத்து வரிசைப்படுத்தும் மேர்ஜ் சோர்ட் வரைபடத்தை வரையும்படி எங்களுக்கு ஓர் ஒப்படை தரப்பட்டுள்ளது. எண்கள் இவை: 34, 12, 45, 27, 19, 12, 50, 8. பலரும் வரைவதைப் போல முதலில் எட்டை இரண்டு நான்குகளாகவும், பின்னர் நான்கு சோடிகளாகவும், அதன் பின்னர் எட்டுத் தனி எண்களாகவும் பிரித்து, கீழே அதே முறையில் இணைத்துக்கொண்டு வந்தேன். படம் அழகாகவே வந்தது.

ஆனால் அதே எண்களுக்கு நிரலை எழுதி, ஒவ்வோர் இணைப்பும் முடிந்ததும் முழு அணியையும் அச்சிடச் செய்தபோது, மூன்றாவது இணைப்பின் பின்னர் திரையில் இப்படி வந்தது.

```
12 27 34 45 19 12 50 8
```

இடப்பாதி முழுமையாக வரிசைப்பட்டுவிட்டது, வலப்பாதியில் ஒன்றுமே நகரவில்லை. என் படத்திலோ நான்கு சோடிகளும் ஒரே வரியில், ஒரே நேரத்தில் இணைவதாகத் தெரிகின்றன. படம் பிழையா, நிரல் பிழையா? இரண்டும் சரியென்றால் நிரல் செய்வதைப் படத்தில் எப்படிக் காட்டுவது?

ரமேஷ், செங்கலடி

இரண்டும் சரிதான் தாரணி. ஒழுங்கைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை, ஏனென்றால் எந்தச் சோடியை முதலில் இணைத்தாலும் விடை மாறாது. படத்தை மட்டம் மட்டமாக வரைந்தால் போதும். மட்டங்கள் மூன்று, எண்கள் எட்டு, ஆகவே 8 × 3 = 24 ஒப்பீடுகள் என்று படத்தின் அடியில் எழுதிவிடுங்கள். படம் கேட்பவர்கள் அந்த எண்ணிக்கையையும் எதிர்பார்ப்பார்கள்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்

தங்கச்சி தாரணி, உங்கள் நிரலில் பிழையில்லை. படத்திலும் எண்களில் பிழையிருக்காது என்றே நினைக்கிறேன். படம் சொல்லாமல் விட்டது காலத்தை. ஒரே வரியில் இருப்பவை ஒரே அளவுள்ள துண்டுகள் என்பதுதான் அந்தப் படத்தின் பொருள். அவை ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று படம் எங்கும் சொல்லவில்லை, ஆனாலும் பார்ப்பவர் அப்படித்தான் வாசிக்கிறார்.

நிரல் என்ன செய்கிறது என்பதை அதன் உள்ளே இருந்து பாருங்கள். எட்டைப் பிரித்தவுடன் அது இடப்பக்க நான்கை மட்டுமே கையில் எடுக்கிறது, அந்த வேலை முழுதாக முடிந்து திரும்பும் வரை வலப்பக்கம் காத்திருக்கிறது. பிரிப்புகளையும் இணைப்புகளையும் ஒரே தொடராக எண்ணினால் பிரிப்பு ஏழு, இணைப்பு ஏழு, மொத்தம் 14 செயல்கள் வரும். முதற்செயல் எட்டைப் பிரிப்பது. இரண்டாவது, இடப்பக்க நான்கைப் பிரிப்பது. மூன்றாவதில் 34, 12 என்ற சோடி பிரிகிறது, நான்காவதில் அவை 12, 34 என இணைகின்றன. ஐந்தாவதில் 45, 27 பிரிந்து, ஆறாவதில் 27, 45 ஆக இணைகின்றன. ஏழாவதில் அந்த இரண்டு சோடிகளும் சேர்ந்து 12, 27, 34, 45 ஆகின்றன. நீங்கள் திரையில் கண்ட வரி இந்த இடத்தில்தான் அச்சாகியிருக்கிறது. வலப்பக்க நான்கு முதன்முதலாகப் பிரிவது எட்டாவது செயலில்தான். அதாவது இடப்பாதி இணைந்து முடிந்த பிறகுதான் வலப்பாதி பிரியவே தொடங்குகிறது.

ஆகவே மட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, இணைப்புகளுக்கு மட்டும் நடக்கும் ஒழுங்கில் இலக்கம் இடுங்கள். கீழே உள்ளது போல வரும். இரண்டு 12களையும் பிரித்தறிய `12a`, `12b` என்று எழுதியிருக்கிறேன்.

```
               34  12a 45  27  19  12b 50   8
       34  12a 45  27                  19  12b 50   8
   34  12a         45  27          19  12b         50   8
 34      12a     45      27      19      12b     50       8
1: 12a 34       2: 27  45       4: 12b 19       5:  8  50
    3: 12a 27  34  45               6:  8  12b 19  50
            7:  8  12a 12b 19  27  34  45  50
```

சோடிகள் இருக்கும் வரியில் இலக்கங்கள் 1, 2, 4, 5 என்று செல்வதைக் கவனியுங்கள். அந்த வரியில் 3 இல்லை, அது கீழ்வரியில் இருக்கிறது. இந்த ஒரு தாவலைப் பார்த்தாலே, நிரல் வரிவரியாகச் செல்லவில்லை, இடப்பக்கக் கிளையை அடிவரை முடித்துவிட்டே வலப்பக்கம் வருகிறது என்பது விளங்கிவிடும்.

வரைவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் மேல்வரியில் எட்டுப் பெட்டிகளைத் தாள் முழுக்கப் பரப்பி வரைந்துவிட்டு, தனி எண்களின் வரிக்கு வரும்போது இடமில்லாமல் நெருக்குகிறார்கள். இந்தப் படத்தில் அகலமான வரி நடுவிலுள்ள தனி எண்களின் வரிதான், அதைத்தான் முதலில் வரைய வேண்டும். சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு பெட்டிக்கு இரண்டு சதுரம், இடைவெளிக்கு இரண்டு சதுரம் என்று வைத்தால் அந்த வரி 30 சதுரங்களுக்குள் அடங்கும். அதன் மேலும் கீழும் சோடிகள் 1, 9, 17, 25ஆம் சதுரங்களைக் கடந்ததும் தொடங்கும். நான்குகள் 3, 19ஐக் கடந்ததும், எட்டு 7ஐக் கடந்ததும் தொடங்கும். அப்படி வைத்தால் ஒவ்வொரு துண்டும் தன் இரு பாதிகளின் சரி நடுவில் அமரும், அம்புக்குறிகள் ஒன்றையொன்று வெட்டமாட்டா.

வரைந்து முடித்ததும் சரிபார்ப்பதற்கு எளிய வழி உண்டு. மேலிருந்து நான்கு வரிகளையும் இடமிருந்து வலமாக வாசித்தால் நான்கிலும் 34, 12, 45, 27, 19, 12, 50, 8 என்ற அதே ஒழுங்கு வர வேண்டும். பிரிக்கும்போது எந்த எண்ணும் இடம் மாறுவதில்லை. மேல்வரிகளில் ஓர் எண் நகர்ந்திருந்தால், அந்த மாணவர் பிரிக்கும்போதே மனத்துக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டார் என்று பொருள். விடைத்தாள்களில் நான் அடிக்கடி காணும் தவறு அதுதான்.

தாரணி, வந்தாறுமூலை

மிக்க நன்றி சேர். 3 என்ற இலக்கம் கீழ்வரியில் வந்து நிற்பதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஆனால் ரமேஷ் அண்ணா சொன்ன 24 எனக்குக் கிடைக்கவில்லை. நிரலில் ஒப்பீடு நடக்கும் இடத்தில் ஓர் எண்ணியை வைத்துப் பார்த்தேன், 17 என்று வந்தது. ஏன் இந்த வித்தியாசம்?

களுவாஞ்சிகுடி மாஸ்டர்

உங்கள் 17 சரியானது. ரமேஷ் சொன்ன 24உம் ஒன்றின் எண்ணிக்கைதான், ஆனால் அது ஒப்பீடுகளின் எண்ணிக்கையன்று. இணைக்கும் வரிகள் மூன்று, ஒவ்வொரு வரியிலும் எட்டு எண்கள் புதிதாக எழுதப்படுகின்றன. ஆகவே 24 என்பது எழுதப்படும் தடவைகள். ஒப்பீடு அதைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணம், ஒரு பக்கம் தீர்ந்துவிட்டால் மறுபக்கத்தில் மிஞ்சியவற்றை ஒப்பிடாமலே இறக்கிவிடலாம் என்பதுதான்.

இதை ஏழாவது இணைப்பில் நிதானமாகப் பார்ப்போம். இடப்பக்கத்தில் 12, 27, 34, 45 நிற்கின்றன. வலப்பக்கத்தில் 8, 12, 19, 50 நிற்கின்றன. எப்போதும் இரு பக்கங்களின் முன்னால் நிற்கும் இரண்டு எண்களை மட்டுமே ஒப்பிடுகிறோம். முதலில் 12ஐயும் 8ஐயும் ஒப்பிட்டு 8ஐ இறக்குகிறோம். அடுத்து 12உம் 12உம் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் சமன், இங்கே இடப்பக்கத்து 12ஐ எடுக்க வேண்டும், காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். மூன்றாவதில் 27ஐயும் 12ஐயும் ஒப்பிட்டு வலப்பக்கத்து 12 இறங்குகிறது. நான்காவதில் 27க்கு எதிரே 19 நின்று, 19 இறங்குகிறது. அதன் பின்னர் வலப்பக்கத்தில் 50 மட்டுமே எஞ்சியிருப்பதால் 27, 34, 45 ஆகிய மூன்றும் ஒவ்வொன்றாக அதனுடன் ஒப்பிடப்பட்டு இறங்குகின்றன. இப்போது இடப்பக்கம் காலி. 50ஐ எதனுடனும் ஒப்பிடாமல் எழுதிவிடுகிறோம். எட்டு எண்கள் எழுதப்பட்டன, ஏழு ஒப்பீடுகள் நடந்தன.

சோடியாகும் இணைப்புகள் நான்கிலும் ஒவ்வோர் ஒப்பீடு, மூன்றாவதிலும் ஆறாவதிலும் மும்மூன்று ஒப்பீடுகள், கடைசியில் ஏழு. கூட்டினால் 4 + 6 + 7 = 17. உங்களுக்குத் தரப்பட்ட எண்கள் தற்செயலாக அமைந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. எட்டு எண்களை இந்த முறையில் வரிசைப்படுத்த ஆகக்கூடுதலாகத் தேவைப்படுவதே 17 ஒப்பீடுகள்தான். ஏற்கெனவே ஏறுவரிசையில் இருக்கும் எட்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள், 12 என்று வரும், அதைவிடக் குறையாது. எழுதப்படும் தடவைகளோ அப்போதும் 24தான்.

சமனாக வரும்போது இடப்பக்கத்தை எடுப்பதற்குக் காரணம், மூல அணியில் எது முன்னால் நின்றதோ அது முடிவிலும் முன்னால் நிற்க வேண்டும் என்பதே. நிரலில் இது ஒரே ஒரு குறியில் தங்கியிருக்கிறது.

```python
if left[i] <= right[j]:
    out.append(left[i]); i += 1
else:
    out.append(right[j]); j += 1
```

`<=` இருக்க வேண்டிய இடத்தில் `<` இட்டால் விடையில் எண்கள் அதே வரிசையில்தான் தெரியும், ஆனால் இரண்டு 12களும் இடம் மாறியிருக்கும். வெறும் எண்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் படத்தில் அவற்றுக்கு வேறு வேறு அடையாளம் இட்டேன்.

நஸீர், சம்மாந்துறை

மாஸ்டர் சொன்ன அந்த இரண்டு 12கள் எனக்கு வேறொரு விதத்தில் தொல்லை கொடுத்தன. கையால் வரையாமல் கிராப்விஸ் மென்பொருளில் இந்த மாதிரியான படத்தை உருவாக்கினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதிலுள்ள எண்ணையே பெயராக வைத்தேன். எல்லா எண்களும் வெவ்வேறாக இருந்த வரையில் பிரிக்கும் பகுதி ஒழுங்காகவே வந்தது. ஒரே எண் இரண்டு தடவை வந்த உடனே படம் குலைந்துவிட்டது. தனி எண்களின் வரியில் எட்டுக்குப் பதில் ஏழு பெட்டிகளே இருந்தன, ஒரு பெட்டிக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் அம்புகள் வந்து விழுந்தன. ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் அந்த மென்பொருள் இரண்டையும் ஒரே பெட்டியாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

பெயரை மதிப்பிலிருந்து எடுக்காமல் இடத்திலிருந்து எடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. பிரிக்கும் பகுதிக்கு `s`, இணைக்கும் பகுதிக்கு `m`, அதன் பின்னால் துண்டின் தொடக்கமும் முடிவும்.

```
digraph {
  node [shape=record];
  s0_1 [label="34"];  s1_2 [label="12"];
  m0_2 [label="12 | 34"];
  s0_1 -> m0_2;  s1_2 -> m0_2;
}
```

தனி எண்கள் எட்டையும் `rank=same` என்ற ஒரே தொகுதிக்குள் இட்டு, அவற்றுக்கிடையே `style=invis` கொண்ட கண்ணுக்குத் தெரியாத அம்புகளை இடமிருந்து வலமாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் அம்புகள் வெட்டாமலிருப்பதற்காக அது தன் விருப்பத்துக்கு எண்களின் ஒழுங்கை மாற்றக்கூடும். மாஸ்டர் சொன்ன அந்த நான்கு வரிச் சோதனை அப்போது தவறிவிடும்.

பாத்திமா, அக்கரைப்பற்று

நான் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். இரண்டு வகுப்புகளின் புள்ளிப் பட்டியல்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் 40 பேர், மற்றதில் 35 பேர், இரண்டுமே புள்ளி வாரியாக வரிசைப்படுத்தப்பட்டவை. இவற்றை ஒன்றாக்க வேண்டுமானால் நானும் 75 பெயர்களையும் முதலில் ஒவ்வொன்றாகப் பிரித்து, தாரணி வரைந்ததைப் போல முழுப் படத்தையும் செய்ய வேண்டுமா? அது மிகப் பெரிய தாளாக வருமே.

நஸீர், சம்மாந்துறை

வேண்டியதில்லை தங்கச்சி. தாரணி கேட்டது வரிசைப்படாத ஓர் அணியைப் பற்றி. உங்கள் இரண்டு பட்டியல்களும் ஏற்கெனவே வரிசையில் இருப்பதால் உங்களுக்குத் தேவையானது மாஸ்டருடைய படத்தின் ஏழாவது இணைப்பு மட்டும். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, மேலே நிற்கும் இரு பெயர்களை மட்டும் ஒப்பிட்டு, முதலில் வர வேண்டியதை எழுதிக்கொண்டே போங்கள். ஆகக்கூடினால் 74 ஒப்பீடுகள். சம புள்ளி வந்தால் எந்த வகுப்பின் பெயர் முன்னால் வரும் என்பதை மட்டும் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்து, கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

பாத்திமா, அக்கரைப்பற்று

நன்றி நானா. அப்படியென்றால் கையாலேயே செய்துவிடலாம்.

ரமேஷ், செங்கலடி

24 பற்றி மாஸ்டர் சொன்ன விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒழுங்கு விடையை மாற்றாது என்று நான் சொன்னதில் இன்னும் நிற்கிறேன். பிரிக்கும் பகுதியே இல்லாமல், முதலில் நான்கு சோடிகளையும், பிறகு இரண்டு நான்குகளையும், கடைசியில் எட்டையும் இணைக்கும் நிரலும் இருக்கிறதே. அதற்கு ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சுழற்சிகள் போதும், தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறு தேவையில்லை. அந்த நிரலுக்கு தாரணி முதலில் வரைந்த படத்தின் இணைக்கும் பகுதியே பொருந்தும். இணைப்பின் இலக்கங்களும் முதல் வரியில் 1, 2, 3, 4 என்றும், அடுத்த வரியில் 5, 6 என்றும், கடைசியில் 7 என்றும் ஒழுங்காக வரும்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்

அது உண்மை ரமேஷ், நல்ல இடத்தில் எடுத்துக்காட்டினீர்கள். எட்டு எண்களுக்கு இரண்டு முறைகளிலும் உருவாகும் துண்டுகள் ஒன்றே, இலக்கங்கள் மட்டும்தான் மாறும். ஆனால் இது எட்டு என்பது இரண்டின் அடுக்கு என்பதால் கிடைத்த வசதி. ஆறு எண்களை எடுத்துப் பாருங்கள். மேலிருந்து பிரிக்கும் முறை அதை மூன்று, மூன்று என்று பிரிக்கும், ஒவ்வொரு மூன்றும் ஒன்று, இரண்டு என்று பிரியும். கீழிருந்து இணைக்கும் முறையோ மூன்று சோடிகளை உண்டாக்கி, முதல் இரண்டை நான்காக்கி, எஞ்சிய சோடியை அப்படியே கீழே இறக்கிக் கடைசியில் சேர்க்கும். விடை ஒன்றுதான், ஆனால் இடையில் வரும் துண்டுகளே வேறாகிவிடுகின்றன. ஒன்றின் படத்தை மற்றதற்கு வரைய முடியாது. ஆகவே ஒப்படையில் எந்த நிரலுக்கு வரைகிறோம் என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

நஸீர், சம்மாந்துறை

படத்தைப் பற்றி எனக்கு ஒரு மறுப்பு உண்டு மாஸ்டர். பிரிக்கும் வரிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக இடைவெளி விட்டு வரைந்தால், நிரல் ஒவ்வொரு தடவையும் புதிய அணிகளை உருவாக்குகிறது என்று மாணவர் நம்பிவிடுகிறார். தொடக்கச் சுட்டியையும் முடிவுச் சுட்டியையும் மட்டும் கொடுத்து எழுதிய நிரலில் பிரிப்பதால் எதுவுமே உருவாவதில்லை, நடுச்சுட்டி ஒன்று கணிக்கப்படுகிறது, அவ்வளவுதான். தற்காலிக இடம் தேவைப்படுவது இணைக்கும்போது மட்டும். நான் வரைந்தால் எட்டுப் பெட்டிகளையும் எல்லா வரிகளிலும் ஒட்டியே வரைந்து, துண்டுகளின் எல்லையில் தடித்த கோடு மட்டும் இடுவேன்.

களுவாஞ்சிகுடி மாஸ்டர்

சுட்டிகளால் எழுதிய நிரலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். பைதனில் `a[:mid]` என்று வெட்டி எழுதினால் உண்மையிலேயே புதிய பட்டியல்கள் உருவாகின்றன, அப்போது இடைவெளி விட்ட படம்தான் நடப்பதைக் காட்டுகிறது. அதோடு முதன்முதலாகப் படிப்பவருக்கு இடைவெளி இல்லாத படத்தில் எது எதனுடன் சேர்கிறது என்று கண்ணால் பிடிப்பது கடினம் என்பது என் வகுப்பறை அனுபவம். இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

தாரணி, வந்தாறுமூலை

என் நிரல் சுட்டிகளால் எழுதப்பட்டது, ஆனாலும் படத்தை இடைவெளியுடன்தான் வரையப்போகிறேன், அம்புகளைத் தெளிவாகக் காட்டுவதற்கு அதுவே வசதியாக இருக்கிறது. நஸீர் நானா சொன்னதற்காக, பக்கத்தில் ஒட்டிய எட்டுப் பெட்டிகளாக ஏழு இணைப்புகளுக்கும் ஏழு வரிகள் சேர்த்து, அந்தந்த இணைப்பு தொட்ட பகுதியின் அடியில் மட்டும் கோடிடுகிறேன். அந்த ஏழு வரிகளையும் நிரல் அச்சிட்டதிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தற்காலிக அணியைப் படத்தில் எங்கே வைப்பது என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை, ஏழாவது இணைப்புக்கு மட்டும் அதைத் தனியாக வரைந்தால் போதுமா?

நஸீர், சம்மாந்துறை

போதும். அந்த இணைப்பில்தான் எட்டு இடங்களும் நிரம்புகின்றன, மற்ற ஆறிலும் அதன் ஒரு பகுதி மட்டுமே பயன்படுகிறது. 8 இறங்கிய பிறகு ஒரு நிலை, இரண்டு 12களும் இறங்கிய பிறகு ஒரு நிலை, 45 இறங்கி இடப்பக்கம் காலியான பிறகு ஒரு நிலை என்று மூன்று நிலைகளை வரையுங்கள். மூன்றிலும் இரு பக்கச் சுட்டிகளும் எங்கே நிற்கின்றன என்பதைச் சிறிய அம்பால் காட்டுங்கள். மூன்றாவது நிலையில் இடப்பக்க அம்பு 45ஐத் தாண்டி வெளியே நிற்க வேண்டும்.